முதுகில் பரவிய திட்டுகளும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு 19 வயது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஒரு மாதத்துக்கு முன் இடது மார்பில் ஒரு திட்டு வந்தது. படர்தாமரை என்று மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பத்து நாள் தடவினான். அதன்பின் முதுகிலும் வயிற்றிலும் சின்னச் சின்னத் திட்டுகளாகக் கிளம்பிவிட்டன. தொற்றுநோய் என்று விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மை என்று சொல்லி என் தாயார் வேப்பிலை கட்டி வைத்திருக்கிறார். இங்குள்ள டாக்டர் 'ரோசியா' என்று ஏதோ சொன்னார். தானாகவே போய்விடும் என்றார். ஆனால் வி.டி.ஆர்.எல். என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். அது பால்வினை நோய்க்கானது என்று தெரிந்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. தானாகப் போகிற நோய்க்கு இது எதற்கு? என் மகனைச் சந்தேகப்படுகிறாரா? மூத்த மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?
– ஒரு தகப்பன், வீரவநல்லூர்

அண்ணாச்சி, உங்கள் ஊர் டாக்டர் மகனைச் சந்தேகப்படவில்லை. தோலைத்தான் சந்தேகப்படுகிறார். என்னிடம் வந்திருந்தால் நானும் அதே பரிசோதனையைத்தான் எழுதியிருப்பேன். ஏன் என்று சொல்வதற்கு முன், அவர் சொன்ன நோய் எது, அதை எப்படி அடையாளம் காண்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் பரிசோதனைக்கான காரணமும் விளங்கிவிடும்.

நோயின் முழுப்பெயர் பிட்ரியாசிஸ் ரோசியா. 1860இல் பிரான்ஸ் நாட்டுத் தோல் மருத்துவர் கிபேர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். பத்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது; உங்கள் மகனின் வயது அதற்குள் அடங்குகிறது. இந்த நோயில் திட்டின் நிறத்தைவிட, அளவைவிட, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்ற வரிசை முக்கியம். அந்த வரிசையை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. முதலில் ஒரே ஒரு திட்டு. சில நாட்களோ இரண்டு வாரமோ கழித்து அதைவிடச் சிறியவை ஒரு கூட்டமாக. முதலில் வந்ததைத் தாய்த்திட்டு என்கிறோம். இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை இருக்கும். சிலருக்கு இன்னும் பெரிதாகவும் இருக்கும். மார்பிலோ முதுகிலோ கழுத்திலோ மேல்கையிலோ வரும். அது மட்டும் வந்திருக்கும்போது இன்ன நோய் என்று உறுதியாகச் சொல்வது எங்களுக்கே கடினம். தனியாக நிற்கிற வட்டத் திட்டு, செதில் வேறு. நம் ஊரில் அதைப் பார்க்கிற எவருக்கும் படர்தாமரை என்றுதான் தோன்றும். மருந்துக்கடைக்காரர் ஏமாந்ததில் வியப்பில்லை. அவர் கொடுத்த களிம்பில்தான் எனக்கு வருத்தம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உற்றுப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நல்ல வெளிச்சத்தில் மகனைச் சட்டையைக் கழற்றி நிற்கச் சொல்லிப் பாருங்கள். படர்தாமரையில் திட்டின் வெளி ஓரம் கொஞ்சம் மேடாக இருக்கும். செதிலும் அந்த ஓரத்திலேயே இருக்கும். நடுப்பகுதி ஆறினாற்போலத் தெரியும். வாரக்கணக்கில் ஓரம் வெளியே நகர்ந்துகொண்டே போகும். அரிப்பும் கடுமையாக இருக்கும். பிட்ரியாசிஸ் ரோசியாவில் செதில் ஓரத்தில் இருக்காது. ஓரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, மெல்லிய வளையமாக நிற்கும். அந்தச் செதிலின் வெளிப்பக்கம் தோலோடு ஒட்டியிருக்கும். நடுவை நோக்கிய பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்தும் ஐயம் தீராவிட்டால் திட்டின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டி, அந்தத் தூளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, சற்று நேரம் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். படர்தாமரை என்றால் பூஞ்சையின் இழைகள் தெரியும். ரத்தம் வராது, வலிக்காது, செலவும் அதிகமில்லை. முதல் வாரத்திலேயே இதைச் செய்திருந்தால் அந்தக் களிம்பு தேவைப்பட்டிருக்காது.

இனி முதுகைப் பாருங்கள். சின்னத் திட்டுகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். ஒவ்வொன்றும் தன் நீளவாக்கில் ஒரு திசையைப் பார்த்துப் படுத்திருக்கும். முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்குகிற வரிசைகளாகச் சேர்ந்து தெரியும். ஊசியிலை மரத்தை எட்டி நின்று பார்த்தால் நடுத்தண்டிலிருந்து கிளைகள் இருபுறமும் கீழ்நோக்கிச் சரிந்திருக்குமே, அதைப் போல. பாளையங்கோட்டையில் டிசம்பரில் வீட்டுக்கு வீடு நிறுத்துகிற சவுக்குக் கிளையை இங்கே நினைத்துக்கொள்ளாதீர்கள். அதன் கொப்புகள் மேல்நோக்கிப் போகும். வாழ்த்து அட்டைகளில் வரைந்திருக்கிற மரம்தான் சரியான சித்திரம். மேல் மார்பில் இதே திட்டுகள் 'வி' எழுத்தைப் போலச் சாய்ந்திருக்கும். அடிவயிற்றில் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் போகும்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் நோயில் இல்லை, தோலில் இருக்கிறது. 1861இல் ஆஸ்திரியாவின் உடற்கூறியல் அறிஞர் கார்ல் லாங்கர், இறந்தவர்களின் உடலில் உருண்டையான முனையுள்ள கருவியால் துளைகள் இட்டுப் பார்த்தார். துளை வட்டமாக நிற்கவில்லை, நீள்வட்டமாக இழுபட்டது. தோலின் உள்ளடுக்கில் உள்ள நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில் தோல் விறைப்பாக இழுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அந்தக் கோடுகளை உடல் முழுக்க அவர் வரைந்து வைத்தார். அறுவை மருத்துவர்கள் தழும்பு தெரியாமல் இருக்க இன்றும் அந்தக் கோடுகளின் போக்கிலேயே கீறுகிறார்கள். இந்த நோயின் திட்டுகளும் அதே கோடுகளில்தான் படுக்கின்றன.

பாடநூல் படங்களைக் கைபேசியில் தேடி மகனோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலும் வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்புத் திட்டும்தான் இருக்கும். நம் தோலில் இளஞ்சிவப்பை எதிர்பார்க்கக் கூடாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ ஊதா கலந்தாற்போலவோதான் தெரியும். நிறம் பொருந்தவில்லை என்பதற்காக வேறு நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செதில் வளையமும் சாய்ந்த வரிசையும் எந்த நிறத் தோலிலும் ஒன்றேதான்.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். உடம்பு முழுக்கச் செதிலோடு திட்டுகள் கிளம்பும் இன்னொரு நோய் உண்டு. அது சிபிலிஸ் என்கிற பால்வினை நோயின் இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் வலியில்லாத ஒரு புண் வந்து, மருந்து எதுவும் போடாமலேயே ஆறிவிடும். வலி இல்லாததால் வந்ததே பலருக்குத் தெரியாது. ஓரிரு மாதங்கள் கழித்து உடம்பில் திட்டுகள் வரும். இந்தத் திட்டுகள் வேறு எந்தத் தோல் நோயைப் போலவும் வேடம் போடக்கூடியவை. பிட்ரியாசிஸ் ரோசியாவைப் போலவே வந்து நிற்பதும் உண்டு. அனுபவமுள்ள கண்களையும் ஏமாற்றியிருக்கிறது.

வேறுபடுத்திப் பார்க்க வழிகள் இல்லாமல் இல்லை. சிபிலிஸ் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தேடிப் போகும். அங்கே செம்பு நிறத்தில் புள்ளிகள் தெரியும். பிட்ரியாசிஸ் ரோசியா பெரும்பாலும் கழுத்துக்குக் கீழிருந்து தொடை வரையில் நின்றுவிடும். முகம், உள்ளங்கை, உள்ளங்கால் மூன்றையும் தொடுவது அரிது. சிபிலிஸில் கழுத்திலும் அக்குளிலும் இடுக்கிலும் நெறி கட்டும். வாய்க்குள் வெள்ளைப் படலம் தோன்றலாம். அரிப்பு அநேகமாக இருக்காது. தாய்த்திட்டு ஒன்று முன்கூட்டி வருவது அதன் வழக்கம் இல்லை. இத்தனையும் பார்த்தபின் உங்கள் மகனுக்கு வந்திருப்பது பிட்ரியாசிஸ் ரோசியாதான் என்றே நான் பந்தயம் கட்டுவேன். உங்கள் டாக்டரும் அப்படி நினைத்ததால்தான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஏன் ரத்தம்? தவறு நேர்ந்தால் இரண்டு பக்கமும் விலை சமமாக இல்லை என்பதால்தான். பிட்ரியாசிஸ் ரோசியாவைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எதுவும் கெட்டுப்போகாது. சிபிலிஸைப் பிட்ரியாசிஸ் ரோசியா என்று எண்ணி விட்டால், திட்டுகள் அப்போதைக்கு மறைந்துவிடும். "தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார், போய்விட்டது" என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நோயோ உள்ளே தங்கிப் பல ஆண்டுகள் கழித்து இதயத்தின் பெரிய ரத்தக்குழாயையோ மூளையையோ பிடிக்கும். இத்தனைக்கும் இரண்டாம் கட்டத்தில் கண்டுபிடித்தால் பென்சதைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே ஒரு முறை ஊசியாகப் போட்டுக் குணப்படுத்திவிடலாம். அதனால் பருவம் எய்தியவர் எவருக்கு இந்த மாதிரித் திட்டு வந்தாலும், கல்லூரி மாணவரோ கோயில் குருக்களோ, வி.டி.ஆர்.எல். எழுதுவது பெரும்பாலான தோல் மருத்துவர்களின் பழக்கம். முகத்தைப் பார்த்து யாருக்கு எழுதுவது, யாருக்கு விடுவது என்று நாங்களே முடிவு செய்ய ஆரம்பித்தால்தான் அது சந்தேகப்படுவது ஆகும்.

முடிவு எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாளில் 'நான் ரியாக்டிவ்' என்று இருந்தால் கேள்வி முடிந்தது. தோலில் திட்டு தெரிகிற அளவுக்கு இரண்டாம் கட்டச் சிபிலிஸ் வந்திருந்தால் இந்தப் பரிசோதனை தவறவிடுவது மிக அரிது. 'ரியாக்டிவ்' என்று இருந்தாலும் அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிடாதீர்கள். வேறு சில காய்ச்சல்களுக்குப் பிறகும்கூட இந்தப் பரிசோதனை லேசாகப் பொய் சொல்லும். டி.பி.எச்.ஏ. என்ற இரண்டாவது பரிசோதனையால் உறுதி செய்த பிறகே நோய் என்று சொல்வோம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் இருக்கின்றன, அங்கும் போகலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். மகனுக்கு 19 வயது. ரத்தம் அவனுடையது, முடிவும் அவனுடையது. ஆய்வகத் தாளை நீங்கள் வாங்கிப் பிரிக்காமல் அவனே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். டாக்டர் அவனைத் தனியாகச் சில கேள்விகள் கேட்டால் நீங்கள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருங்கள். அப்பா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பையனும் பதில் சொல்ல மாட்டான். அந்தப் பதில் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது.

அம்மை என்று ஆச்சி சொல்வதற்கு வருவோம். அம்மையில் நீர்கோத்த கொப்புளம் வரும், காய்ச்சல் வரும், முகத்திலும் தலையிலும் வரும், ஒரே நேரத்தில் புதிய கொப்புளமும் காய்ந்த பொருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இதில் எங்கும் நீர் கோக்காது. பெரியவர்களிடம் இதைச் சண்டையாக்க வேண்டாம். படுக்கையில் வேப்பிலை கிடப்பதால் ஒரு தீங்கும் இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பெல்லாம் பூசி வெயிலில் நிறுத்துவதை மட்டும் நிறுத்துங்கள். தோல் வறண்டு எரியும், அரிப்பு இரட்டிப்பாகும்.

விடுதிக்காரர்கள் செய்தது தேவையில்லாதது. இந்த நோய்க்குக் காரணம் மனித ஹெர்பிஸ் வைரஸ் 6, 7 என்ற இரண்டும் உடலில் மீண்டும் விழித்துக்கொள்வது என்றே இன்று பெரும்பாலும் கருதப்படுகிறது. இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆனால் இந்த வைரஸ்கள் சின்ன வயதிலேயே ஏறக்குறைய நம் எல்லோருக்கும் வந்து, உடலில் ஓசையில்லாமல் தங்கிவிட்டவை. அக்கி, உதட்டுப் புண் இவற்றை உண்டாக்கும் வைரஸ்களுக்கு உறவுதான் என்றாலும் இவை வேறு. பக்கத்துக் கட்டிலில் படுப்பதாலும் ஒரே துண்டில் துடைப்பதாலும் ஒட்டுகிற நோய் இது இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்து நான் பார்ப்பது அபூர்வம். தோல் மருத்துவர் ஒருவரிடம் 'தொற்றாது, வகுப்புக்கு வரலாம்' என்று ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால் விடுதிக் காப்பாளர் ஏற்றுக்கொள்வார்.

மூத்த மகளைத் தள்ளி வைக்க வேண்டாம். தம்பி உட்கார்ந்த இடத்தில் அவள் உட்காரலாம், ஒன்றாகச் சாப்பிடலாம். கர்ப்பிணிக்கே இந்தத் திட்டுகள் வந்தால்தான், அதிலும் முதல் 15 வாரங்களுக்குள் வந்தால்தான், கருவுக்கு ஆபத்து இருக்கலாம் என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. அவள் ஏழாம் மாதத்தைத் தொட்டுவிட்டாள். அவள் உடம்பில் ஏதாவது திட்டு தெரிந்தால் மட்டும் அவளுடைய பிரசவ டாக்டரிடம் காட்டுங்கள்.

மகனுக்கு இனி என்ன ஆகும் என்று பார்ப்போம். கூட்டமாகத் திட்டுகள் கிளம்பி இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகியிருக்கும் என்று உங்கள் கடிதத்திலிருந்து கணக்கிடுகிறேன். புதிய திட்டுகள் வருவது இப்போது ஓய்ந்துகொண்டிருக்கும். செதில் அடங்கிச் சமதளமாவதற்கு, தாய்த்திட்டு வந்த நாளிலிருந்து எண்ணினால் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். சிலருக்குப் பத்து, பன்னிரண்டு வாரம்கூட ஆகும். அதன்பின்னும் ஒரு கட்டம் பாக்கி உண்டு. நம் தோலில் திட்டு இருந்த இடம் கறுத்தோ வெளிறியோ மாதக்கணக்கில் நிற்கும். நோய் இன்னும் போகவில்லை என்று பயந்து மறுபடி களிம்பு தேடுவது இந்தக் கட்டத்தில்தான். செதில் இல்லை, அரிப்பு இல்லை, நிறம் மட்டும் இருக்கிறது என்றால் அது முடிந்துபோன நோயின் தடம். தழும்பாகாது, மெல்ல மங்கும்.

மருந்து வேண்டுமா என்றால், அரிப்பு எவ்வளவு என்று கேட்பேன். பலருக்கு அரிப்பே இருக்காது. அவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு அரித்தால் இரவில் செட்ரிசின் போன்ற ஒரு மாத்திரை, அரிக்கிற இடத்தில் கலமைன் லோஷன். அதற்கும் அடங்காத சில திட்டுகளுக்கு மட்டும் மிதமான ஸ்டீராய்டு களிம்பை ஓரிரு வாரம் டாக்டர் எழுதுவார். அசைக்ளோவிர் மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 800 மில்லிகிராம் நாளைக்கு ஐந்து வேளையாக ஒரு வாரம் கொடுத்தால் சிலருக்குச் சீக்கிரம் அடங்குகிறது. ஆனால் திட்டுகள் கிளம்பிய முதல் வாரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். உங்கள் மகனுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. நான் எழுத மாட்டேன். அசித்ரோமைசின் கொடுத்தால் போகும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆய்வில் அது பலன் தரவில்லை.

குளியலில்தான் கவனம் வேண்டும். சூடும் வியர்வையும் இந்தத் திட்டுகளைச் சீண்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். ஆற்றில் குளிக்கிற வழக்கம் இருந்தால் தாராளமாகக் குளிக்கட்டும். பீர்க்கங்கூட்டால் முதுகைத் தேய்ப்பதும் கார்பாலிக் சோப்பும் கூடாது. சோப்பு அக்குளுக்கும் இடுக்குக்கும் போதும். ஈரம் முழுதும் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் செதில் அடங்கும். பந்தாட்டத்தையும் உடற்பயிற்சியையும் சில வாரம் குறைத்தால் அரிப்பு குறையும், கட்டாயம் இல்லை.

அந்தக் களிம்புக் குழாயை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். கூடவே குளோபிடசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இது தடவிய சில நாளில் அரிப்பு நின்றுபோவதால் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. உண்மையான படர்தாமரையில் தடவினால் மேலே ஆறினாற்போலக் காட்டி, பூஞ்சை கீழே தாராளமாகப் பரவும். வடிவமே மாறி எங்களுக்கும் அடையாளம் தெரியாமல் போகும். தொடையிடுக்கில் தொடர்ந்து தடவிய பையன்களுக்குத் தோல் மெலிந்து, பிரசவக் கோடுகளைப் போல நிரந்தரக் கோடுகள் விழுந்திருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். உங்கள் மகன் பத்து நாளோடு நிறுத்தியதால் அந்தக் கேடு இல்லை. திட்டுகள் பரவியதும் களிம்பால் அல்ல. தடவாமல் இருந்திருந்தாலும் அவை வந்திருக்கும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது குழாயைக் கையோடு கொண்டுபோங்கள், வந்தபின் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அடுத்த படர்தாமரைக்கு யாராவது எடுத்துத் தடவிவிடுவார்கள்.

மூன்று மாதம் கழித்தும் செதிலோடு திட்டுகள் நின்றாலோ, பழையவை ஆற ஆறப் புதியவை வந்துகொண்டே இருந்தாலோ, உள்ளங்கையில் புள்ளி தெரிந்தாலோ மறுபடி காட்ட வேண்டும். இதே தோற்றத்தில் நெடுங்காலம் இழுக்கிற வேறு தோல் நோய்கள் உண்டு. அப்போது மிளகளவு தோலை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.